கை அகப்பட்டவர் வீட்டுக்கு எழுதும் கடிதம்

"சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். நேற்று எங்கள் தொழிலாளி ஒருவரின் வலது கை, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட்டில் அகப்பட்டு, இரண்டு விரல்களில் பலத்த காயம். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டுக்கு முறைப்படி ஒரு கடிதம் கொடுக்கச் சொல்கிறார் முதலாளி. கொழும்பில் இருந்து வந்த மாதிரிக் கடிதத்தைத் தமிழாக்கிப் பார்த்தேன், எனக்கே வாசிக்க மனம் வரவில்லை. கவலை தெரிவித்தால் பிழையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. எப்படி எழுதலாம்?"

உங்கள் மாதிரிக் கடிதத்தின் முதல் வரியை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன். "ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகின்றோம்" என்று இருக்கும். தலைமை அலுவலகத்துக்கு அது மரியாதையான தொடக்கம். ஆனால் நம் பக்கத்துச் சனம் அந்த வரியை எங்கே வாசித்துப் பழகியிருக்கிறது? சந்தி மதிலில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தலில். அதன் கீழே "அன்னார்" என்று இன்னொரு சொல் வரும். அதுவும் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்தின் சொல்தான். உயிரோடு இருப்பவரை நம் ஊரில் யாரும் அன்னார் என்று எழுதுவதில்லை.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஆளணிப் பகுதியில் சேர்ந்த புதிதில், கால் முறிந்த ஒருவரின் வீட்டுக்கு அப்படியே ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான். அவள் முதல் வரியைச் சத்தமாக வாசித்ததும் அம்மம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். இரண்டாம் வரிக்குப் போக விடவில்லை. அயல் வீட்டார் வந்து, கடிதத்தை வாங்கி, "கால்தான், கால்தான்" என்று சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போயிற்று. கடிதத்தில் பொய் ஒன்றுமில்லை, வரிசைதான் பிழை.

ஆகவே முதல் வாக்கியத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உயிரோடு இருக்கிறார், நினைவோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார். கவலை தெரிவிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த வாக்கியத்தை ஒரு பிள்ளை சத்தமாக வாசிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. கடிதமே முதல் செய்தியாகப் போய்ச் சேரக்கூடாது. நேற்றே தொலைபேசியில் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்பது பதற்றத்தில் காதில் விழாமல் போனதை மறுபடி வாசித்துப் பார்ப்பதற்கு. எந்த வார்டு, எத்தனை மணிக்குப் பார்க்க விடுவார்கள், ஆலையில் யாரைக் கேட்பது, இந்த மாதச் சம்பளம் வருமா என்பதெல்லாம் தொலைபேசியில் சொன்னால் நிற்காது.

இனி, யாருக்கு எழுதுவது? சும்மா கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஆண், மனைவி வீட்டுக்குப் போகிறான். ஆனால் ஆலைக் கோப்பில் இருப்பது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிக் கொடுத்த விலாசம். அப்போது கலியாணம் ஆகியிருக்காது, தாய் வீட்டு விலாசமாக இருக்கும். ஒரு பேச்சுக்கு, கோப்பில் கொக்கட்டிச்சோலை என்று இருக்கும், ஆள் குடியிருப்பது வெல்லாவெளியில் மனைவி வீட்டில். கோப்பைப் பார்த்துக் கடிதம் போனால் அவரது தாய்க்கு ஆலைக் கடிதம் கிடைத்திருக்கும், மனைவிக்குக் கிடைத்திருக்காது. வருத்தத்தோடு மனத்தாங்கலும் சேர்ந்துவிடும். கடிதம் மனைவியின் பெயருக்கு எழுதப்பட வேண்டும். தாய்க்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது ஒரு பிரதி கொடுங்கள். யார் எங்கே இருக்கிறார் என்பதை அவரோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். கவலை தெரிவிப்பது வேறு, காரணம் சொல்வது வேறு. "உங்கள் கணவருக்கு எங்கள் ஆலையில் இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம்" என்ற வரியால் யாரும் உங்களை மாட்டிவிட முடியாது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலில் கேட்பது "யாருடைய பிழை" என்றல்ல. வேலையின் காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது நடந்ததா என்றுதான் கேட்கிறது. ஆலைக்குள், வேலை நேரத்தில், ஆலை இயந்திரத்தில் கை அகப்பட்டிருக்கிறது. அதை நீங்கள் மறைக்கவும் முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை.

சிக்கல் வருவது காரணம் சொல்லப் போகும்போது. "ஆலையின் கவனக்குறைவால்" என்று எழுதினால், விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். "அவரது கவனக்குறைவால்" என்று எழுதினால் அது அதைவிட மோசம். வெறிபோதையில் இருந்தது, வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியது போன்ற சில சந்தர்ப்பங்களில் தொழில்தருநர் நட்டஈட்டுப் பொறுப்பில் இருந்து விலகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் "மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்" என்று ஒரு வரி கடிதத்தில் இருந்தால், ஆலை இப்போதே தப்பிக்க வழி தேடுகிறது என்றுதான் குடும்பம் வாசிக்கும். அப்படி வாசிப்பதிலும் பிழையில்லை.

தமிழில் இது இன்னும் நுணுக்கமானது, வினைச்சொல்லிலேயே பழி ஒட்டிக்கொள்ளும். "பெல்ட்டுக்குள் கையைக் கொடுத்தார்" என்றால் அவர் விரும்பிச் செய்த மாதிரி. "கையை விட்டுவிட்டார்" என்றால் அசட்டை. "கை அகப்பட்டது" என்றால் நடந்தது மட்டும் இருக்கிறது. கண்ணால் கண்டவர் சொன்னதை எழுதுங்கள், ஏன் என்பதை விட்டுவிடுங்கள். அடைத்துக்கொண்ட நெல்லை எடுக்கும்போது கை அகப்பட்டது, உடனே மெசினை நிறுத்தினார்கள். அவ்வளவுதான் இன்று உறுதியாகத் தெரிந்தது. மூடி இருந்ததா, மெசினை நிறுத்தாமல் ஏன் எடுக்கப் போனார், அறுவடை நேரத்து அவசரமா என்பதெல்லாம் விசாரணைக்குரியவை. "விசாரணை நடக்கிறது, முடிவை உங்களுக்கும் சொல்வோம்" என்று எழுதிவிட்டு, உண்மையிலேயே சொல்லுங்கள்.

நேரத்தில் மட்டும் கவனம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, விபத்தினால் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வழமையான சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனால், மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விரல் காயம் மூன்று நாளில் ஆறப் போவதில்லை, ஆகவே அந்த அறிவித்தல் போயே ஆக வேண்டும். அதில் 11.15 என்றும், வீட்டுக் கடிதத்தில் 10.40 என்றும் இருந்தால், ஆறு மாதம் கழித்து யாரோ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், தொழில் அலுவலகத்துக்கும் கொண்டு போவார்கள். அதற்காகப் பயந்து எழுத வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே உண்மையை எழுதினால் போதும்.

உடல்நிலையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? என் கட்டுப்பாடு இதுதான்: நடந்ததை எழுதலாம், நடக்கப் போவதை எழுதக்கூடாது. "சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது" சரி. "விரல்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதவே வேண்டாம், ஆறுதலாக இருந்தாலும். நாளைக்கு வைத்தியர் ஒரு விரல் நுனியை எடுக்க வேண்டும் என்று சொன்னால், உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளையும் அவர்கள் நம்பமாட்டார்கள். "சிறு காயம்" என்பதும் அப்படித்தான். கையால் உழைக்கிறவரின் வலது கைக்கு எந்தக் காயமும் சிறிதல்ல.

இனிப் பணம். மாதிரிக் கடிதங்களில் "சகல வைத்தியச் செலவுகளையும் நிறுவனம் பொறுப்பேற்கும்" என்று ஒரு வரி அழகாக இருக்கும். அரச வைத்தியசாலையில் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் யாரும் பணம் கட்டுவதில்லை, இலவசம். அப்படியென்றால் அந்த வரி எதைப் பொறுப்பேற்கிறது? குடும்பத்தின் கையில் இருந்து காசு கரைவது வேறு இடங்களில். வெல்லாவெளியில் இருந்து மட்டக்களப்புக்கு ஒவ்வொரு நாளும் ஆட்டோ அல்லது பஸ். கூட நிற்கிறவரின் சாப்பாடு. வெளியே பாமசியில் வாங்கச் சொல்லும் மருந்து. வீட்டுக்கு வந்த பிறகு மருந்து கட்டவும் கிளினிக்குக்கும் போய் வருவது. இவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முதலாளியிடம் முன்பே பேசி எவற்றுக்குச் சம்மதித்தார் என்று கேட்டுக்கொண்டு, அவற்றை மட்டும் எழுதுங்கள். சம்மதிக்காததை "இயன்ற உதவி" என்று பூசி மெழுக வேண்டாம். "இயன்ற" என்ற சொல்லுக்கு ஆலை ஓர் அர்த்தம் வைத்திருக்கும், வீடு வேறோர் அர்த்தம் வைத்திருக்கும்.

நட்டஈட்டுத் தொகையை இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது. அது அவரது சம்பளத்தையும், காயம் ஆறிய பிறகு கை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது, இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உரிமை இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் வேறு யாராவது சொல்வார்கள், அப்போது நீங்கள் மறைத்ததாக ஆகும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். திகதியும் நேரமும் உதாரணத்துக்கு. புள்ளியிட்ட இடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 12, புதன்கிழமை

திருமதி ........................
வெல்லாவெளி

அன்புள்ள அம்மா,

உங்கள் கணவர் திரு. ........................ அவர்கள் நினைவோடு இருக்கிறார், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ...... ஆம் வார்டில் சிகிச்சை பெற்று வருகிறார். நேற்றுத் தொலைபேசியில் உங்களிடம் சொன்னவற்றை எழுத்திலும் தருவதற்காக இந்தக் கடிதம்.

நேற்று, 11 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை முற்பகல் 10.40 மணியளவில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் அடைத்துக்கொண்ட நெல்லை எடுக்கும்போது அவரது வலது கை பெல்ட்டில் அகப்பட்டது. பக்கத்தில் நின்றவர்கள் உடனே மெசினை நிறுத்திக் கையை எடுத்தார்கள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் பலத்த காயம். முதலில் சம்மாந்துறை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்து அம்புலன்சில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். நேற்று மாலை சத்திரசிகிச்சை நடந்தது. விரல்களின் நிலை பற்றி வைத்தியர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் உங்களிடம் நேரில் பேசுவதற்கு நாங்கள் கேட்டிருக்கிறோம்.

எங்கள் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் அவருக்கு இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். இது எப்படி நடந்தது என்று விசாரித்து வருகிறோம். தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கும் அறிவிக்கிறோம். விசாரணையில் தெரிய வருவதை உங்களுக்கும் சொல்வோம். அந்த எலிவேட்டரை அதுவரை ஓட்டமாட்டோம்.

அவர் வேலைக்கு வர முடியாத இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் அவரது சம்பளம் வழமை போல 10 ஆம் திகதி கிடைக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதை மார்ச் முடிவதற்குள் உங்களோடு பேசுவோம். நீங்கள் வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவு, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து ஆகியவற்றை ஆலை தரும். துண்டு இருந்தால் வைத்திருங்கள், ஆட்டோவுக்குத் துண்டு தேவையில்லை. இவை நட்டஈட்டில் கழிக்கப்படமாட்டா.

வேலையில் நடந்த விபத்துக்குச் சட்டப்படி நட்டஈடு கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. காயம் ஆறிய பிறகு அதற்கான படிவங்களை நிரப்ப நாங்கள் உதவுவோம். தொழில் அலுவலகத்திலும் நீங்கள் நேரடியாகக் கேட்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலையில் தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆலைக்குப் போட்டோப் பிரதி போதும்.

எந்த நேரத்திலும் ........................ என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள், நான்தான் எடுப்பேன். வருகிற புதன்கிழமை, 19 ஆம் திகதி, மறுபடியும் உங்களுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
........................
நிர்வாக உத்தியோகத்தர்

ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. "மேற்படி ஊழியர்", "குறித்த நபர்" என்று எங்கேயும் வரவில்லை, கவனித்திருப்பீர்கள். வீட்டில் அவர் குறித்த நபர் இல்லை. "அன்புள்ள அம்மா" என்பது இளம் மனைவிக்குப் பொருந்தாது என்று தோன்றினால் "அன்புள்ள சகோதரி" என்று போடுங்கள். முஸ்லிம் குடும்பமென்றால், நீங்களும் முஸ்லிமாக இருந்தால் சலாத்தோடு தொடங்குவது இயல்பு. அதன் அடுத்த வரி எந்த வீட்டுக்கும் ஒன்றுதான்.

"நட்டஈட்டில் கழிக்கப்படமாட்டா" என்ற வரியைக் கண்டு முதலாளி புருவத்தை உயர்த்துவார். அதை நான் சும்மா சேர்க்கவில்லை. ஆலை தருகிற ஆட்டோக் காசை வாங்கினால் பிறகு நட்டஈடு கிடைக்காது என்று ஊரில் யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அதற்குப் பயந்து காசை வாங்காமல் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை ஆலையின் கையெழுத்தால்தான் போக்க முடியும். முதலாளி சம்மதிக்கவில்லை என்றால் வரியை எடுத்துவிடுங்கள், ஆனால் ஏன் இருந்தது என்பதை அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

டயக்னோசிஸ் காட்டைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். வீடு மாறும்போதும் மழைக்கு ஒழுகும்போதும் முதலில் தொலைவது அந்த மட்டைதான், பிறகு காயத்தை நிரூபிக்க அலைய வேண்டிவரும். சில ஆலைகளில் மூலத்தையே வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள்.

கடிதத்தை யார் கொண்டு போவது? தபாலில் போட வேண்டாம், வாசல் காவலாளியிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்கள் போங்கள், கூட அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவி ஆஸ்பத்திரியில் நின்றால் அங்கேயே கொடுக்கலாம், ஆனால் வார்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அல்ல. வாசித்துக் காட்டவா என்று கேளுங்கள். "ஓம்" என்றால் மெதுவாக வாசியுங்கள். இடையில் கேள்வி கேட்டால் நிறுத்தித் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு 19 ஆம் திகதி எழுதுவேன் என்றால் போதும்.

பிரதியில் "கடிதம் கிடைத்தது" என்று ஒரு கையெழுத்து வாங்கலாம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். "எமக்கு ஆட்சேபனை இல்லை", "இனிமேல் எதுவும் கோரமாட்டோம்" என்ற தாளை இந்தக் கடிதத்தோடு சேர்த்து நீட்டச் சொல்லி யாராவது உங்களிடம் சொன்னால் மறுத்துவிடுங்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தில் அது செல்லாது. செல்லாத ஒரு தாளுக்காக அந்த வீட்டின் நம்பிக்கையை இழந்துவிடுவீர்கள்.

கடைசியாக, அந்த 19 ஆம் திகதி. அன்று சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாமல் போகலாம், விசாரணையும் முடிந்திருக்காது. அப்போதும் எழுதுங்கள், நாலு வரி போதும்: விசாரணை இன்னும் முடியவில்லை, பொறியியலாளருக்கு இன்ன திகதி அறிவித்துவிட்டோம், போக்குவரத்துக் காசு இவ்வளவு கொடுத்திருக்கிறோம், அடுத்த கடிதம் இன்ன நாள். முதல் கடிதத்தின் பிரதியோடு அதையும் கோப்பில் போட்டு, கோப்பிலுள்ள கொக்கட்டிச்சோலை விலாசத்தையும் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.